மூன்றாவது கை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: "பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளின் அம்மாக்கள் வீட்டில் செய்யட்டும் என்று ஆசனங்களைத் தொடர்ச்சியாகச் சொல்லி செல்போனில் பதிவு செய்து அனுப்பினேன். படம் இல்லை, குரல் மட்டும்தான். கேட்டுச் செய்தவர்கள் 'நடுவுல மூணாவது கை வேணும் போலயே டீச்சர்' என்று சிரிக்கிறார்கள். நான் சொன்னது இது: 'பர்வதாசனத்தில் வலது காலை மேலே தூக்கி, இரண்டு கைகளுக்கு நடுவில் கொண்டு வந்து வையுங்கள். எட்டாவிட்டால் வலது கையால் கணுக்காலைப் பிடித்து இழுத்து வையுங்கள். வலது கை முன்னால், இடது கை பின்னால் நீட்டி வீரபத்ராசனம். அப்படியே வலது கையைக் கீழே இறக்கி, இடது கை மேலே, திரிகோணாசனம். பிறகு இரண்டு கைகளையும் ஊன்றி, இடது காலைப் பின்னால் வைத்துப் பர்வதாசனம்.' ஆசனமெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? எங்கே தப்பு?"

ஆசனங்கள் சரிதான். தப்பு ஒரு ஆசனத்துக்கும் அடுத்த ஆசனத்துக்கும் நடுவில் இருக்கிறது. வீரபத்ராசனம் எப்படி என்று தனியாகக் கேட்டால் அழகாகச் சொல்லிவிடுவீர்கள், திரிகோணாசனமும் அப்படித்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிற அந்த நாலைந்து விநாடியில் எந்தக் கை எங்கே இருந்தது, எந்தக் கால் எடையைத் தாங்கியது என்பது உங்கள் உடம்புக்குப் பழகிப்போன விஷயம். அதனால் வாய் அதைச் சொல்லாமலே தாண்டிவிடுகிறது. கேட்கிற அம்மாவுக்கு உங்கள் உடம்பு தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கிறது.

நான் கிருஷ்ணகிரியில் பல வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். மாம்பழ சீசன் வந்தால் மாங்கூழ் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் காலை வகுப்புக்கு வர முடியாது. அவர்களுக்காகத்தான் நானும் குரலை மட்டும் வைத்துச் சொல்லித்தரப் பழகினேன். யோகா தினத்துக்காக 2015 முதல் பள்ளிகளில் செய்கிற பொது வரிசையில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. அதில் நின்று செய்கிற ஆசனம் ஒவ்வொன்றும் முடிந்ததும் நேராக நிற்கிற நிலைக்குத் திரும்பிவிடுவோம். கை பக்கவாட்டில், கால் இரண்டும் தரையில், கணக்கு சுத்தமாக முடிந்துவிடும். ஆசனத்தை ஆசனத்தோடு கோத்துச் சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் பழைய கணக்கு முடியாமலே புதுக் கணக்கு தொடங்குகிறது.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. உடம்பில் கை இரண்டு, கால் இரண்டு, மொத்தம் நாலு. எந்த நொடியில் நிறுத்திக் கேட்டாலும் ஊன்றியிருப்பது எத்தனை, சும்மா இருப்பது எத்தனை என்று சொல்ல முடிய வேண்டும், இரண்டையும் கூட்டினால் நாலு வர வேண்டும். கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்துகிற பர்வதாசனத்தில் ஊன்றல் நாலு, சும்மா இருப்பது எதுவும் இல்லை. வலது காலைத் தூக்கினால் ஊன்றல் மூன்று, சும்மா இருப்பது ஒன்று. வீரபத்ராசனத்தில் நிமிர்ந்து நின்றால் இரண்டும் இரண்டும். இதோடு இன்னொரு விதி உண்டு: எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும் கையையோ காலையோ நகர்த்தச் சொல்ல முடியாது. முதலில் எடை வேறெங்காவது போக வேண்டும், அப்புறம்தான் அது நகரும். நகர்ந்த பிறகு எங்கே போய் அமர்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். எங்கிருந்து கிளம்புகிறது, எடை எங்கே போகிறது, எங்கே இறங்குகிறது என்ற மூன்றும் இருந்தால்தான் ஒரு அசைவைச் சொல்லி முடித்ததாக அர்த்தம்.

இதைச் சரிபார்க்க நான் செய்வது ரொம்ப எளிது. ஒரு செய்தித்தாளைப் பாய் மாதிரி விரித்து, நாலு புளியங்கொட்டை எடுத்துக்கொள்வேன். நம் பக்கம் அதற்கா பஞ்சம்? இரண்டு கைக்கு, இரண்டு காலுக்கு. இடது பக்கத்தைக் குறிக்கிற இரண்டின் மேல் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். தரையில் ஊன்றியிருந்தால் கொட்டை தாளின் மேல் இருக்கும், காற்றில் இருந்தால் தாளுக்கு வெளியே. எழுதியதை ஒவ்வொரு வாக்கியமாக வாசித்து, அதில் சொன்ன கொட்டையை மட்டும் நகர்த்த வேண்டும். சொல்லாததைக் கை தானாக நகர்த்தப் பார்க்கும், அதை அடக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் வரிகளை இப்படி ஓட்டிப் பார்த்தால் தப்புகள் தாமாகவே வெளியே வந்துவிடும்.

முதல் வாக்கியம் கிட்டத்தட்ட சரி. நாலு கொட்டையும் தாளில், வலது கால் வெளியே போகிறது, கைகளுக்கு நடுவே வந்து இறங்குகிறது. குறை ஒன்றுதான்: தூக்குவதற்கு முன்னால் எடையை மாற்றச் சொல்லவில்லை. பழக்கமில்லாதவர்கள் வலது காலைத் தூக்கும்போது எடை முழுவதும் தோளுக்குப் போய், முழங்கை மடங்கிவிடும். "இடது பாதத்தையும் இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாக அழுத்துங்கள்" என்று ஒரு வரி முன்னால் போட்டால் போதும்.

மூன்றாவது கை வருவது அடுத்த வாக்கியத்தில். கால் கைகளுக்கு நடுவில் எட்டவில்லை என்றால் வலது கையால் கணுக்காலைப் பிடிக்கச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் வலது கை உடம்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இடது கையும் இடது காலும், அதாவது இரண்டும் ஒரே பக்கம். இடுப்பு வேறு உயரத்தில் இருப்பதால் வலப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சாயாமல் இருக்க வேண்டுமானால் தாங்குவதற்கு இரண்டு கை, இழுப்பதற்கு ஒரு கை என்று மூன்று தேவை. அந்த அம்மாக்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாதம் எட்டாமல் போவது பெரியவர்களில் நிறையப் பேருக்கு நடக்கிறது. தொடையின் பின்தசை இறுகியிருக்கும், வயிறு இடிக்கும், சேலை தடுக்கும், பாதம் கைக்கு ஒரு அடி பின்னாலேயே இறங்கிவிடும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. எளிதானது, ஒரே எட்டில் வராமல் இரண்டு மூன்று சின்ன எட்டாக நடந்து வருவது. கைகள் இருந்த இடத்திலேயே இருக்கும், கணக்கு கெடாது. இரண்டாவது, உள்ளங்கைக்குக் கீழே ஆளுக்கு இரண்டு செங்கலையோ தடித்த புத்தகங்களையோ வைப்பது. கை உயர்ந்தால் தோளும் உயரும், பாதம் நுழைய இடம் கிடைக்கும். வழுக்காத தரையாக இருக்க வேண்டும், செங்கல் ஆடக் கூடாது. மூன்றாவது நீங்கள் சொன்னதுதான், கையால் உதவுவது. ஆனால் அதற்கு முன்னால் இடது முழங்காலைத் தரையில் இறக்கச் சொல்ல வேண்டும். முழங்கால் இறங்கினால் இடுப்பு தாழும், கைகளில் இருக்கும் எடை குறையும். வலது பாதமும் தரையிலேயே இருக்கும். அதைத் தூக்கத் தேவையில்லை, தரையோடு முன்னால் நகர்த்தினால் போதும். பதிவில் மூன்றையும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், கேட்பவர் குழம்பிவிடுவார். நான் சின்ன எட்டை மட்டும்தான் சொல்வேன்.

அடுத்து வீரபத்ராசனம். "வலது கை முன்னால், இடது கை பின்னால்" என்பதில் கைக் கணக்கு சரி. ஆனால் அதற்குள் மூன்று அசைவுகள் ஒளிந்திருக்கின்றன. பர்வதாசனத்திலிருந்து வந்தவரின் இடது குதிகால் தரையை விட்டு உயர்ந்திருக்கும், விரல்கள் முன்னால் பார்த்திருக்கும். இடுப்பைப் பக்கவாட்டில் திறக்க வேண்டுமென்றால் அந்தக் குதிகாலை உள்பக்கமாகத் திருப்பித் தரையில் வைக்க வேண்டும், விரல்கள் இடப்பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் விரல்நுனியிலேயே ஆடிக்கொண்டு நிற்பார்கள். இரண்டாவது, தரையில் இருக்கிற கைகள் எப்படி மேலே வருகின்றன? வயதானவர்களுக்கு ஒரே மூச்சில் எழுந்திருக்க வராது. இரண்டு உள்ளங்கைகளையும் வலது தொடையின் மேல் ஊன்றி, அங்கிருந்து நிமிரலாம். தொடையில் ஊன்றினாலும் ஊன்றல் ஊன்றல்தான், புளியங்கொட்டை தாளில்தான் இருக்கும். மூன்றாவது, கைகளை நீட்டும்போது நெஞ்சு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நெஞ்சு முன்னாலேயே இருக்க, இடது கையை மட்டும் பின்னால் நீட்டச் சொன்னால் தோள்பட்டை முறுக்கும்.

திரிகோணாசனத்துக்குப் போகிற வரியில் "அப்படியே" என்று ஒரு சொல் இருக்கிறது. தொடர் ஆசனம் எழுதும்போது என்னைக் கேட்டால் முதலில் அடிக்க வேண்டிய சொல் இதுதான். சொல்ல மறந்த அசைவையெல்லாம் அது விழுங்கிவிடும். வீரபத்ராசனத்தில் வலது முழங்கால் மடங்கியிருக்கிறது, திரிகோணாசனத்தில் நீட்டியிருக்க வேண்டும். யார் நீட்டச் சொன்னது? "அப்படியே" என்றால் மடக்கியபடியே சாய்வார்கள். இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. பி.கே.எஸ். அய்யங்கார் முறையில் வீரபத்ராசனத்துக்குக் கால்களின் இடைவெளி நாலு முதல் நாலரை அடி, திரிகோணாசனத்துக்கு மூன்று முதல் மூன்றரை அடி. அதாவது இடது பாதம் ஒரு அடி அளவுக்கு உள்ளே வந்தாக வேண்டும். வராமல் முழங்காலை மட்டும் நீட்டினால் தொடை இழுக்கும், சாயும்போது பிடிமானம் போகும். ஆக நீங்கள் "கை இறங்குகிறது, கை ஏறுகிறது" என்று இரண்டு அசைவு சொன்ன இடத்தில் நிஜத்தில் நாலு அசைவு இருக்கிறது: முழங்கால் நீள்கிறது, இடது பாதம் உள்ளே வருகிறது, வலது கை இறங்குகிறது, இடது கை ஏறுகிறது.

வலது கை எங்கே இறங்குகிறது என்பதும் முக்கியம். "கீழே" என்று மட்டும் சொன்னால் எல்லாரும் தரையைத் தொடப் பார்த்து முன்னால் குனிந்துவிடுவார்கள். "முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் எலும்பின் மேல்" என்று இடத்தைச் சொல்லிவிடுங்கள். முழங்கால் மூட்டின் மேலேயே கையை அழுத்த வேண்டாம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசி வாக்கியத்தில் கால் மாறிவிட்டது. புளியங்கொட்டையைப் பாருங்கள்: இடது கால் பின்னால்தான் இருக்கிறது, தொடக்கத்திலிருந்தே அது பின்னால்தான். முன்னால் வந்தது வலது கால். "இடது காலைப் பின்னால் வைத்து" என்று சொன்னதும் சிலர் இடது காலை இன்னும் பின்னால் தள்ளியிருப்பார்கள், சிலர் வேறு வழியில்லாமல் வலது காலை எடுத்திருப்பார்கள். இரண்டாமவர்கள் சரியாகச் செய்தார்கள், ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டுச் செய்யவில்லை. இந்த வகைத் தப்பை வீடியோவில் யாரும் கவனிக்க மாட்டார்கள், கண் திருத்திக்கொள்ளும். குரலில் திருத்த ஆளில்லை.

இதையெல்லாம் சேர்த்து உங்கள் பகுதியை நான் எழுதினால் இப்படி வரும்:

"பர்வதாசனத்தில் இருக்கிறோம். இரண்டு உள்ளங்கைகளும் இரண்டு பாதங்களும் தரையில். உள்ளங்கைகளையும் இடது பாதத்தையும் அழுத்துங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே வலது காலை மேலே தூக்குங்கள். மூச்சை விட்டுக்கொண்டே வலது பாதத்தை முன்னால் கொண்டு வந்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வையுங்கள். எட்டவில்லையா, சின்னச் சின்ன எட்டாக வையுங்கள், அவசரமில்லை. இப்போது நாலும் தரையில். இடது குதிகாலை உள்பக்கம் திருப்பித் தரையில் வையுங்கள். இடது கால் விரல்கள் இடப்பக்கச் சுவரைப் பார்க்கட்டும். உள்ளங்கைகள் இரண்டையும் தரையிலிருந்து எடுத்து வலது தொடையின் மேல் ஊன்றுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே நிமிருங்கள். நெஞ்சை இடப்பக்கம் திருப்புங்கள். வலது கையை முன்னாலும் இடது கையைப் பின்னாலும் தோள் உயரத்தில் நீட்டுங்கள். வலது முழங்கால் கணுக்காலுக்கு நேர் மேலே மடங்கியிருக்கட்டும். இது வீரபத்ராசனம். சாதாரணமாக மூன்று முறை மூச்சு விடுங்கள்.

கைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வலது முழங்காலை நீட்டுங்கள். இடது பாதத்தை ஒரு அடி உள்ளே கொண்டு வாருங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பிலிருந்து வலப்பக்கம் சாயுங்கள். வலது கை, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் எலும்பின் மேல். இடது கை, தோளுக்கு நேர் மேலே. இது திரிகோணாசனம். மூன்று முறை மூச்சு.

பார்வையைக் கீழே இறக்குங்கள். வலது முழங்காலை மடக்குங்கள். இடது கையைக் கீழே கொண்டு வந்து, வலது பாதத்தின் உள்பக்கம் தரையில் ஊன்றுங்கள். வலது கையை வலது பாதத்தின் வெளிப்பக்கம் தரையில் ஊன்றுங்கள். இடது குதிகாலை உயர்த்தி, விரல்களை முன்னால் திருப்புங்கள். நாலும் தரையில். எடையை உள்ளங்கைகளுக்கும் இடது பாதத்துக்கும் மாற்றுங்கள். வலது பாதத்தை எடுத்து, பின்னால் இடது பாதத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். இடுப்பை உயர்த்துங்கள். பர்வதாசனம்."

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நிதானமாகச் சொன்னாலும் இரண்டு மூன்று நிமிஷம்தான் ஆகும். ஒரு வாரம் கேட்ட பிறகு அவர்களுக்கே பழகிவிடும், அப்போது சுருக்கமான பதிவு ஒன்று போட்டுக்கொள்ளலாம். "நாலும் தரையில்" என்று இரண்டு இடத்தில் போட்டிருப்பதைக் கவனியுங்கள். வழி தவறியவர்கள் அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். ஒரு கை ஒரு கால் மிச்சமோ குறைவோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வாக்கியத்தைப் பற்றி ஒன்று. "தூக்கி, கொண்டு வந்து, திருப்பி, ஊன்றி, நீட்டி" என்று வரிசையாகக் கோத்துக்கொண்டே போவது நமக்குப் பேச்சில் சுலபமாக வரும். காதில் கேட்டுச் செய்பவருக்கு அது தொல்லை. எது முதலில், எது கூடவே என்று தெரியாமல் கடைசி வினை வரும்வரை காத்திருப்பார், அல்லது முதல் சொல்லிலேயே பாய்ந்துவிடுவார். ஒரு வாக்கியத்தில் இரண்டு அசைவுக்கு மேல் வேண்டாம். உறுப்பின் பெயரை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டு வாருங்கள், அது காதில் விழுந்ததுமே அவர் மனசு அங்கே போய்விடும். "கால்" என்று பொதுவாகச் சொல்லாமல் பாதம், குதிகால், முழங்கால் என்று இறங்குகிற இடத்தையே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

இனி மறுபக்கம். வலது முடிந்தால் இடது செய்ய வேண்டும், அதற்கு மேலே எழுதியதில் வலதையும் இடதையும் இடம் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் "வலது" என்பதையெல்லாம் "இடது" ஆக்கிவிட்டு, அப்புறம் "இடது" என்பதையெல்லாம் "வலது" ஆக்கினால் மொத்தமும் வலதாகிவிடும். முதலில் "வலது" எல்லாவற்றையும் # என்று மாற்றுங்கள், பிறகு "இடது" என்பதை "வலது" ஆக்குங்கள், கடைசியாக # என்பதை "இடது" ஆக்குங்கள். அதோடு "வலப்பக்கம்", "இடப்பக்கம்" என்று எழுதியவை இந்த வலையில் சிக்காது, அவற்றைக் கையால் தேடி மாற்ற வேண்டும். மேலே நான் எழுதியதிலேயே "இடப்பக்கச் சுவர்" இருக்கிறது. அதையும் நெஞ்சைத் திருப்பும் வரியையும் மாற்ற மறந்தால் இடது கால் முன்னால் இருக்கும்போது நெஞ்சும் இடப்பக்கமே திரும்பும், இடுப்பு பூட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மாற்றிய பிறகு புளியங்கொட்டையை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள், சலித்துக்கொள்ளாதீர்கள்.

சூரிய நமஸ்காரத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அதைத்தான் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே இதே சிக்கல் நாலாவது நிலைக்கும் ஒன்பதாவது நிலைக்கும் நடுவில் வரும். நாலில் வலது கால் பின்னால் போகிறது. ஒன்பதில் எந்தக் கால் முன்னால் வர வேண்டும் என்பதில் முறைக்கு முறை வித்தியாசம். பீகார் யோகப் பள்ளி முறையில் இடது பாதம் முன்னால் வரும், வலது கால் பின்னாலேயே இருக்கும். வேறு சில வகுப்புகளில் பின்னால் போன வலது காலே முதலில் முன்னால் வரும். எதைப் பிடித்தாலும் சரி, நான் இதற்காகச் சண்டை போட மாட்டேன். நிச்சயமாகத் தப்பு என்றால் அது பத்தாவது நிலையில்தான் நடக்கும். ஒன்பதில் எந்தக் கால் வந்ததோ அதையே பத்தில் மறுபடியும் கொண்டு வரச் சொல்வார்கள், இன்னொரு கால் பின்னாலேயே அநாதையாகக் கிடக்கும். பத்தாவது நிலையை எழுதும்போது பின்னால் மிச்சம் இருப்பது எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாவது நிலையான அஷ்டாங்க நமஸ்காரத்தில் நாலு கணக்கு எட்டாகிறது என்று சில பிள்ளைகள் கேட்கும். தரையைத் தொடும் இடங்கள்தான் எட்டு: கால்விரல் பக்கம் இரண்டு, முழங்கால் இரண்டு, உள்ளங்கை இரண்டு, நெஞ்சு, மோவாய். கை காலின் எண்ணிக்கை அப்போதும் நாலுதான். சொல்லும்போது முழங்கால்களை முதலில் இறக்குங்கள், அப்புறம் நெஞ்சு, கடைசியில் மோவாய். நெஞ்சை முதலில் இறக்கச் சொன்னால் பழகாதவர்கள் முகத்தோடு போய் விழுவார்கள். வயிறும் இடுப்பும் தரையைத் தொடக் கூடாது, தொட்டால் எட்டு என்ற கணக்கு தாண்டிவிடும். அந்த நிலையில் மூச்சை வெளியே விட்டு நிறுத்துவதா, விட்டுக்கொண்டே இறங்குவதா என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் கருத்து மாறும். அம்மாக்களுக்கான பதிவில் மூச்சை நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்பது என் கட்சி.

மூச்சு விஷயத்தில் பொதுவாக நான் உறுதியாகச் சொல்வது, நெஞ்சு விரியும்போதும் கை உயரும்போதும் இழுப்பது, குனியும்போதும் சாயும்போதும் விடுவது, அவ்வளவுதான். குதிகாலைத் திருப்புவது, பாதத்தை உள்ளே இழுப்பது போன்ற சின்ன அசைவுகளுக்கு மூச்சு சொல்லத் தேவையில்லை. எல்லா அசைவுக்கும் மூச்சு சொன்னால் யாராலும் தொடர முடியாது, மூச்சு வாங்கும்.

பதிவு செய்யும்போது நீங்களே செய்துகொண்டு பேசாதீர்கள். குரல் இரைக்கும், உடம்பும் முந்திக்கொண்டு போகும். யோகாவே தெரியாத ஒருவரை, வீட்டில் அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ, பாயில் நிறுத்தி, அவர்களைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள். சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், ஊகித்துச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். வீம்பு பிடித்த ஆளாக இருந்தால் இன்னும் விசேஷம். அவர் அந்தரத்தில் நின்றுகொண்டு "இப்ப எந்தக் காலு?" என்று கேட்கிற இடத்தில் ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது. அவர் செய்து முடிக்க எடுக்கிற நேரம்தான் அடுத்த வாக்கியத்துக்கு முன் நீங்கள் விட வேண்டிய இடைவெளி. பிள்ளைகளை நிறுத்தி அளந்தால் அம்மாக்களுக்குப் பத்தாது. பிள்ளைகள் பாதி வாக்கியத்திலேயே போய் நிற்பார்கள்.

வலது இடது குழம்புகிறவர்களுக்கு வலது மணிக்கட்டிலும் வலது கணுக்காலிலும் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளியில் நேரில் எடுக்கும்போது "ஜன்னல் பக்கத்துக் கை, கதவுப் பக்கத்துக் கை" என்று சொல்லலாம், பதிவில் அது செல்லாது. நேரில் பிள்ளைகளைப் பார்த்து நின்றால் நீங்கள் சொல்வது வலது, செய்து காட்டுவது இடது என்று கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இதெல்லாம் கணக்கும் சொல்லும் முறையும் சம்பந்தப்பட்ட விஷயம், இதில் நான் உறுதி. யார் இந்தத் தொடரைச் செய்யலாம் என்பதைக் குரலால் மட்டும் தீர்மானிக்க முடியாது. பர்வதாசனத்தில் தலை இதயத்துக்குக் கீழே போகிறது. ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம் என்று பதிவின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். திரிகோணாசனத்தில் மேலே பார்த்துத் தலை சுற்றுகிறவர்கள் எதிர்ச் சுவரையோ கீழேயோ பார்க்கலாம்.

மணிக்கட்டு வலி இருக்கிறவர்களுக்குப் பர்வதாசனமே தாங்காது, உள்ளங்கை ஊன்றல் இரண்டும் அவர்களுக்கு இல்லாமல் போகிறது. அவர்களை நாற்காலியின் இருக்கையில் முன்னங்கைகளை ஊன்றச் சொல்லி, தரைக்குப் பதில் நாற்காலியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். வலது பாதம் நாற்காலிக் கால்களுக்கு நடுவில் போகாது. அதனால் அவர்களுக்கு வலது பாதத்தை முன்னங்கைகளுக்கு நடுவில் கொண்டு வரும் வரியை எடுத்துவிட்டு, நாற்காலிக்கு ஒரு எட்டு பின்னால் வைக்கும்படி தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். எழுதினால் இங்கே போடுங்கள், கொட்டை ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.